கலைச்சொல்: ‘டைட்டில் சேஃப் மார்ஜின்’ – என்ன சொல்லலாம்?

கவிதா:
வணக்கம். டிவி செயலி ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறோம். அமைப்புகளில், டிவியின் ஓரத்தில் எதுவும் மறையாமலிருக்க விடும் இடத்தைச் சரிசெய்யும் திரை ஒன்று வருகிறது. நான்கு மூலையிலும் அம்புக்குறி இருக்கும். நான்கும் முழுசாகத் தெரியும்வரை ரிமோட்டால் சட்டத்தைச் சுருக்க வேண்டும். ‘தலைப்புப் பாதுகாப்பு விளிம்பு’ என்று இப்போதைக்குப் போட்டிருக்கிறேன். எனக்கே ஒப்பவில்லை. வேறு சொல் இருக்கிறதா?

பிரகாஷ்:
சொல்லே தேவையில்லை என்பேன். பிக்சர் டியூப் டிவியில்தான் படத்தின் ஓரம் சட்டத்துக்குப் பின்னால் மறையும். இப்போது எல்லாமே தட்டைத் திரை. அனுப்பிய பிக்சல் அத்தனையும் தெரியும். அந்த அமைப்பையே தூக்கிவிடச் சொல்லுங்கள்.

செல்வம்:
பிரகாஷ், வரலாறு சரி, முடிவுதான் சரியில்லை. பழக்கம் டியூப் காலத்தில் தொடங்கியது. ஓரத்தில் படம் ஒரே அளவில் நிற்காது என்பதால் வேண்டுமென்றே பெரிதாக்கிச் சட்டத்துக்கு வெளியே வழியவிட்டார்கள். இதுதான் ஓவர்ஸ்கேன். ஆனால் தட்டைத் திரைகளிலும் சில, HDMI வழி வரும் படத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கித்தான் காட்டுகின்றன. அதை நிறுத்தும் தேர்வு `Just Scan`, `Screen Fit` என்று டிவிக்கு ஒரு பெயரில் மெனுவின் ஆழத்தில் கிடக்கும். யார் தேடிப் போவார்கள்?

1920×1080 திரையில் பக்கத்துக்கு 2.5% போனால் 48 பிக்சல் காணாமல் போகும். இடது ஓரத்திலிருந்து 30 பிக்சல் தள்ளி ‘115 நிமிடம்’ என்று எழுதியிருந்தால் முதல் ‘1’ மறைந்து ‘15 நிமிடம்’ என்று நிற்கும். பார்ப்பவருக்கு அது பிழை என்றே தெரியாது. 5% விட்டால், அதாவது பக்கவாட்டில் 96, மேலும் கீழும் 54 பிக்சல், இந்தத் தொல்லை இல்லை. பழைய ஒளிபரப்பில் எழுத்துக்கு 10% விடுவார்கள். அந்த ஓரத்தைக் கறுப்பாக விடவும் கூடாது. பின்னணிப் படம் திரை முழுக்க ஓடட்டும். எழுத்தும் பொத்தானும் மட்டும் உள்ளே இருந்தால் போதும்.

இனி சொல்லுக்கு வருகிறேன். இங்கே ‘டைட்டில்’ தலைப்பு அல்ல. திரையில் போடும் எழுத்து எல்லாமே டைட்டில்தான். ‘பாதுகாப்பு’ என்றால் அமைப்புகளில் பின் எண், குழந்தைப் பூட்டு என்றுதான் நினைப்பார்கள். ‘எழுத்துக் காப்பு எல்லை’ எப்படி?

நசீமா:
எழுத்து பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். எங்கள் செயலியில் பட விவரம் 24 பிக்சலில் வருகிறது. சோபாவில் உட்கார்ந்து படிக்கவே முடியவில்லை என்கிறார்கள். இந்த ஓரத்தைக் குறைத்தால் எழுத்தைப் பெரிதாக்க இடம் கிடைக்குமே?

செல்வம்:
நசீமா, ஓரத்தில் கைவைக்காதீர்கள், வரிகளைக் குறையுங்கள். 43 அங்குலத் திரையில் ஒரு பிக்சல் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். உங்கள் எழுத்தளவு 12 மி.மீ. அதை 3 மீட்டரிலிருந்து பார்ப்பதும், கைபேசியை 30 செ.மீ. தள்ளிப் பிடித்து 1.2 மி.மீ. எழுத்தைப் பார்ப்பதும் கண்ணுக்கு ஒன்றே. கைபேசியில் சாதாரணமாக வரும் 16 sp எழுத்து 2.5 மி.மீ. இருக்கும். பாதிகூட இல்லாததை எப்படிப் படிப்பார்கள்? ஆண்ட்ராய்டு டிவியில் 18 sp என்றால் இந்தத் திரையில் 36 பிக்சல். தமிழுக்கு அதற்குக் கீழே போக வேண்டாம் என்பேன். ஐந்து வரி விவரத்தை மூன்றாக்குங்கள்.

கவிதா:
36-இலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வரி உயரத்தை ஆங்கிலத்துக்கு அளந்து இறுக்கிவிட்டால் ‘ட்’ புள்ளி மேலே வெட்டுப்படும், ‘ழு’, ‘கூ’ கீழே வெட்டுப்படும். எங்கள் சோதனையில் ‘பட்டியல்’ ‘படடியல’ என்று வந்தது. முதலில் ஓரவெட்டு என்றே சந்தேகப்பட்டோம். திரையின் நடுவிலும் அப்படியே இருந்ததால் வரி உயரம் என்று தெரிந்தது.

செல்வம் சொன்ன சொல் பிடித்திருக்கிறது. ஆனால் அந்த அளவில் பொத்தானுக்குள் அடங்காது. ‘எழுத்தெல்லை’ என்று சுருக்கலாமா?

பிரகாஷ்:
அது எத்தனை எழுத்து தட்டலாம் என்ற வரம்பு மாதிரி இருக்கிறது. பயனருக்கு ‘திரை ஓரத்தைச் சரிசெய்’ போதும். ‘எழுத்துக் காப்பு எல்லை’ வடிவமைப்பு ஆவணத்தில் இருக்கட்டும். சரி, அமைப்பு வேண்டும் என்று ஒப்புக்கொள்கிறேன். ஓவர்ஸ்கேனுக்கு என்ன? கவிதா போகிறபோக்கில் எழுதிய ‘ஓரவெட்டு’ நன்றாகத்தானே இருக்கிறது?

செல்வம்:
படத்தை யாரும் வெட்டவில்லையே, பெரிதாகி வழிகிறது. ‘ஓரவழிவு’?

நசீமா:
குழாய் ஒழுகுகிற மாதிரி இருக்கிறது. பார்ப்பவருக்கு வெட்டினதாகத்தானே தெரியும்?

கவிதா:
‘திரை ஓரத்தைச் சரிசெய்’ இன்று ஏற்றிவிடுகிறேன். ஓவர்ஸ்கேனைத் தமிழ் எழுத்தில் அப்படியே விட்டிருக்கிறேன். அடுத்த பதிப்புக்குள் யாராவது நல்ல சொல் சொன்னால் மாற்றலாம்.