கலைச்சொல் வேணும்: "ஆடர் த்ரெஷோல்ட்", வெள்ளிக்கிழமைக்குள்ள

கீதா:
எல்லாருக்கும் வணக்கம். உணவுத் தொழில்நுட்பம் ரெண்டாம் வருஷத்துக்கு தமிழ்ல பாடக்குறிப்பு எழுதிட்டிருக்கேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. "ஆடர் த்ரெஷோல்ட்" கிட்ட வந்து மாட்டிக்கிட்டேன். ஒரு வாசனைப் பொருளை தண்ணியிலயோ காத்துலயோ கரைச்சு கரைச்சு குறைச்சுக்கிட்டே போனா, எந்த அளவுக்குக் கீழ மூக்குக்குத் தெரியாம போகுதோ அந்த அளவு. ஸ்கூல் பிசிக்ஸ்ல "பயன்தொடக்க அதிர்வெண்"னு படிச்ச ஞாபகத்துல "மணப் பயன்தொடக்க அளவு"ன்னு போட்டுப் பாத்தேன், வாயில நுழையல. வேற சொல்லுங்க.

செந்தில்:
"வாசனை வரம்பு"ன்னு போட்டுட்டு போங்க மேடம், எல்லாருக்கும் புரியும். எவ்ளோ வாசனை இருக்குன்னு அளக்கறதுதானே.

பழனியப்பன்:
அன்புள்ள கீதா, வாசனை வடசொல். நம்மகிட்ட "நாற்றம்" இருக்கும்போது ஏன் கடன் வாங்கணும்? ஆண்டாள் "கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ"ன்னு பாஞ்சசன்னியத்தைக் கேட்டாளே, கெட்ட வாடையையா கேட்டா? "நாற்றத் தொடக்கம்" அப்பழுக்கில்லாத தமிழ். இங்கிலீஷ்ல த்ரெஷோல்டுன்னா வாசப்படி, அதை ஒட்டின இடத்துக்கு "இடைகழி"ன்னும் ஒரு சொல் உண்டு, அதுதான் தேஞ்சு ரேழி ஆச்சு. முதலாழ்வார் மூணு பேரும் திருக்கோவலூர்ல மழைக்கு ஒதுங்கி நெருக்கிக்கிட்டு நின்னது இடைகழியிலதான். உள்ளயும் இல்ல வெளியவும் இல்லங்கற இடம், பொருள் எவ்வளவு அழகா பொருந்துது பாருங்க.

கீதா:
ஐயா, ரோஜா எண்ணெய்ப் பாடத்துக்கு "நாற்றத் தொடக்கம்"னு தலைப்பு வெச்சா பசங்க ரோஜா அழுகிடுச்சுன்னு நெனைப்பாங்க :-)

மீரா:
கீதா, நான் ஃப்ளேவர் லேப்ல இருக்கேன், தினமும் இந்தச் சொல் வாயில வரும். செந்திலுக்கு ஒண்ணு சொல்லணும், "வரம்பு" வேண்டாம். வரம்புன்னா தாண்டக்கூடாத மேல்மட்டம்னுதான் நம்ம காதுல விழும், மாசு வரம்பு மாதிரி. இது நேரெதிர், இதைத் தாண்டினாத்தான் மூக்குக்கே சேதி போகும். அப்புறம் இது எவ்ளோ வாசனை இருக்குங்கற அளவும் இல்ல, எவ்ளோ கம்மியா இருக்கற வரைக்கும் கண்டுபிடிப்போம்ங்கற அளவு. எண் சின்னதா இருந்தா பொருள் பலசாலின்னு அர்த்தம். பசங்க முதல்ல தலைகீழா புரிஞ்சுக்கறது இங்கதான்.

ரோஜா எண்ணெய்னு சொன்னதால அதையே கணக்கு போட்டுக் காட்டிடுங்க. ஜெனிவால வேலை பாத்த ஓலோஃப்னு ஒரு கெமிஸ்ட் 1978ல போட்ட டேபிள்லேர்ந்து சொல்றேன். பல்கேரிய ரோஜா எண்ணெய்ல சிட்ரோனெல்லால் 38 சதவீதம், அதுதான் பெரிய ஆள். டாமசீனோன்னு ஒண்ணு வெறும் 0.14 சதவீதம். ஆனா தண்ணியில சிட்ரோனெல்லால் தெரியறதுக்கு 40 பிபிபி வேணும், அதாவது நூறு கோடி பங்குல 40 பங்கு. டாமசீனோனுக்கு 0.009 பிபிபி போதும். இருக்கற அளவை இந்த எண்ணால வகுத்தா சிட்ரோனெல்லாலுக்கு 95 லட்சம் வருது, டாமசீனோனுக்கு பதினஞ்சரை கோடி. பதினாறு மடங்கு வித்தியாசம், அதுவும் எண்ணெய்ல 700ல ஒரு பங்கு கூட இல்லாத பொருளுக்கு.

இன்னும் எளிசா சொன்னா, அந்த எண்ணெயை ரெண்டு கோடி மடங்கு தண்ணியில கரைச்சுட்டீங்கன்னு வெச்சுக்கோங்க, சிட்ரோனெல்லால் வாசப்படிக்கு வெளியவே நின்னுடும், டாமசீனோன் அப்பவும் உள்ள வந்து உக்காந்திருக்கும்.

செந்தில்:
அப்போ டாமசீனோன் பதினாறு மடங்கு ஸ்ட்ராங்கா மணக்கும்னு எழுதிடலாம்ல? இன்னொண்ணு, மீராவே வாசப்படின்னுட்டாங்க, வாசல்ல பூ வெப்போம் கோலம் போடுவோம், வாசல் வாசனை ரெண்டும் ஒரே வேர்தான்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு எண்ணம்.

பழனியப்பன்:
தம்பி, வாய் + இல் = வாயில், அது மருவி வாசல். இல்வாய்ங்கறது முன்பின்னா மாறி நிக்குது, இலக்கணப்போலின்னு பள்ளிக்கூடத்துலயே படிச்சிருப்பீங்க. வாசனை வேற ஊர்க்காரன், ரெண்டுக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது.

மீரா:
செந்தில், பதினாறு மடங்குன்னு எழுதிடாதீங்க. வாசல்லேர்ந்து எவ்ளோ தூரம் உள்ள வந்திருக்குங்கறதுதான் அந்த எண் சொல்லுது. உள்ள வந்தப்புறம் எவ்ளோ சத்தம் போடும்ங்கறது வேற கணக்கு, அளவை ரெட்டிப்பாக்கினா வாசனை ரெட்டிப்பா தெரியாது, கொஞ்சம்தான் கூடும், அதுவும் பொருளுக்குப் பொருள் மாறும். கலவையில ஒண்ணு இன்னொண்ணை அமுக்கவும் செய்யும். அதனால நாங்க கணக்கை நம்பி விட்டுட மாட்டோம், அதே கலவையை செயற்கையா செஞ்சு ஒரு பொருளை மட்டும் விட்டுட்டு மோந்து பாக்கச் சொல்லுவோம். ஆளுங்களுக்கு வித்தியாசம் தெரிஞ்சாத்தான் அந்தப் பொருள் முக்கியம். இன்னொரு வேடிக்கை, டாமசீனோன் தனியா ரோஜா மாதிரி மட்டும் இருக்காது, வெந்த ஆப்பிளும் தேனும் கலந்த மாதிரியும் இருக்கும்.

ரஃபீக்:
இடையில பூந்ததுக்கு மன்னிக்கணும். எங்க ஏரியா குழாய்த் தண்ணி வெயில் காலத்துல மண்ணு வாடை அடிக்குது, டெஸ்ட்ல எல்லாம் சரின்னு காயிதம் தர்றாங்க, வீட்ல யாரும் குடிக்க மாட்டேங்கறாங்க. இதுக்கும் இந்த வார்த்தைக்கும் சம்பந்தம் இருக்கா, இல்ல நான் தப்பான குரூப்ல கேக்கறனா?

மீரா:
சரியான குரூப்தான் பாய். ஜியோஸ்மினா இருக்க வாய்ப்பு அதிகம், ஏரியில பாசி, சில பாக்டீரியா விடற சரக்கு, பீட்ரூட்ல வர்ற மண் வாசனையும் அதுதான். தண்ணியில 0.01 பிபிபி கிட்ட இருந்தாலே நம்ம மூக்கு பிடிச்சிடும். சாதாரண டெஸ்ட்ல அதைத் தேடவே மாட்டாங்க, அதனால காயிதமும் பொய் இல்ல உங்க மூக்கும் பொய் இல்ல. ஒரு டம்ளரை லேசா சூடாக்கி மோந்து பாருங்க, இன்னும் தெளிவா தெரியும். குளோரின் போட்டா பெருசா போகாது, கார்பன் ஃபில்டர் இழுக்கும். ஆனா மண் வாடைக்குத்தான் இந்தப் பதில், சாக்கடை வாடைன்னா கதை வேற, குடிக்காதீங்க.

கீதா:
ரொம்ப நன்றி, இதை அப்படியே உதாரணமா போட்டுக்கறேன். ஆனா சொல்? "நுகர்வுத் தொடக்கம்"னு யோசிச்சேன், கடை திறப்பு விழா மாதிரி இருக்கு. "மோப்ப வாசல்"னா போலீஸ் நாய்.

பழனியப்பன்:
வள்ளுவர் "மோப்பக் குழையும் அனிச்சம்"னாரு, போலீஸ் நாயா வளர்த்தாரு? புழங்கப் புழங்கத்தான் சொல் பழகும். புரியாதுன்னு பயந்தே பாதித் தமிழைத் தொலைச்சோம்.

மீரா:
ஐயா சொல்றதுல நியாயம் இருக்கு, வகுப்புல ஒரு வருஷம் சொன்னா எதுவும் பழகிடும். ஆனா கீதா, உங்களுக்கு ஒரு சொல் பத்தாது, ரெண்டு வேணும். மூணு டம்ளர் வெச்சு, ரெண்டுல வெறும் தண்ணி, ஒண்ணுல சரக்கு, "எது வேற மாதிரி இருக்கு"ன்னு கேப்போம், ஒவ்வொரு சுத்துக்கும் சரக்கை ஏத்திக்கிட்டே போவோம். மொதல்ல "ஏதோ இருக்கு"ம்பாங்க, என்னன்னு தெரியாது. இன்னும் கொஞ்சம் ஏத்தினப்புறம்தான் "இது ரோஜா"ன்னு பேர் சொல்லுவாங்க. ரெண்டும் ரெண்டு அளவு, புத்தகத்துல எந்த அளவுன்னு போடாம எண்ணை மட்டும் போட்டா பசங்க குழம்புவாங்க. தண்ணியில கரைச்சு எடுத்த அளவை, எண்ணெயில கரைச்ச சரக்குக்குப் போட்டா அதுவும் தப்பு.

ஆளுக்கு ஆளும் மாறும். பீட்டா அயோனோன்னு இன்னொரு ரோஜாச் சரக்கு, `OR5A1` ஜீன்ல ஒரு எழுத்து மாறினவங்களுக்கு ரொம்ப ஊத்தினாத்தான் தெரியும். அதனால ஒரு குழுவோட சராசரிதான் அந்த எண்.

செந்தில்:
அப்போ "உணர் தொடக்கம்", "அறி தொடக்கம்". ரெண்டும் சின்னது. வாசல் வேர் விஷயத்துல நான் தோத்தேன்னு ஒத்துக்கறேன், இதையாவது எடுத்துக்கோங்க.

ரஃபீக்:
எனக்கு "மணம் தெரியும் அளவு"ன்னாலே புரியுதே?

கீதா:
பாய் சொல்றது எனக்கும் பிடிச்சிருக்கு, ஆனா தேர்வுத்தாள்ல கேள்வியாப் போட கொஞ்சம் நீளம். இப்போதைக்கு பொதுவா "முகர்வுத் தொடக்கம்", உள்ள பிரிக்கறப்போ செந்திலோட ரெண்டும். மீரா ஓகே சொன்னாங்க, வேற யாரும் பெருசா எதிர்க்கல. நாளைக்கு அனுப்பிடறேன்.

பழனியப்பன்:
நான் எதிர்க்கிறேன். முகர்வு சரி, தொடக்கம் தப்பு. தொடக்கம்னா ஒண்ணு ஆரம்பிக்கிற நேரம், இது ஒரு அளவு, ஒரு இடம். இடைகழி பத்தி யாருமே பதில் சொல்லல.