வெயிலில் வைத்த சிப்பிக் காளானில் வெள்ளைப் பஞ்சு, ஒன்றில் புளித்த வாசமும் – சமைக்கலாமா?

சர்மிளா, கிளிநொச்சி
வணக்கம். அம்மாவுக்கு விற்றமின் டி குறைவு என்று இரத்தப் பரிசோதனையில் வந்து குளிசை கொடுத்திருக்கிறார்கள். அவர் சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டார். காளானை வெயிலில் வைத்தால் விற்றமின் டி கூடும் என்று கேள்விப்பட்டு, சந்தையில் 200 கிராம் சிப்பிக் காளான் இரண்டு பக்கெற் வாங்கினேன். வெளியே வைத்தால் காகம் விடாது, அதனால் பக்கெற்றைப் பிரிக்காமலே கண்ணாடி யன்னலுக்கு உள்ளே, காலை வெயில் படுகிற இடத்தில் வைத்தேன். மறுநாள் பைக்குள் முத்து முத்தாகத் தண்ணீர், இரண்டிலும் தண்டடியில் வெள்ளைப் பஞ்சு மாதிரி. ஒன்று கையில் நல்ல இறுக்கமாக இருக்கிறது. மற்றது வழுவழு என்று, புளித்த வாசமும் அடிக்கிறது. கழுவிச் சமைக்கலாமா? புரதத்துக்கும் இதையே நம்பலாமா?

ரூபன், புதுக்குடியிருப்பு
பஞ்சு என்றால் பூஞ்சணம், இரண்டையும் எறியுங்கோ. புரதத்துக்குப் பயப்படத் தேவையில்லை, காளானில் நூற்றுக்கு 25 பங்கு புரதம், இறைச்சிக்கே சமம்.

வளர்மதி, கனகபுரம்
சர்மிளா தங்கச்சி, நான் கொட்டில் போட்டுக் காளான் வளர்க்கிறேன். வழுவழுப்பும் புளித்த வாசமும் வந்ததை எறிந்துவிடுங்கோ, கழுவினாலும் அது திரும்பாது. இறுக்கமாக இருப்பதில் உள்ள பஞ்சு அநேகமாகக் காளானின் சொந்த இழைதான், பறித்த பிறகும் அது வளரப் பார்க்கும். அந்த அடியை வெட்டிவிட்டு இன்றைக்கே நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். பச்சையாகவோ கறுப்பாகவோ புள்ளி இருந்தால் அதையும் எறியுங்கோ.

வெயில் விஷயத்தில் யன்னல்தான் பிழை. காளானில் விற்றமின் டியை உண்டாக்கும் கதிரைக் கண்ணாடி மறித்துவிடும், உள்ளே சூடு மட்டும்தான் வரும். அந்தச் சூட்டில் மூடிய பைக்குள் காளான் வேர்த்துக் கெடும். சமைக்கப் போகிற அன்றைக்கு காளானைக் கிழித்து, அடிப்பக்கத்து மடிப்பு மேலே பார்க்கச் சுளகில் ஒற்றைப் பரவலாக வையுங்கோ. காகத்துக்கு மேலே நுளம்பு வலை போடலாம். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கிற நேரம், பத்து மணி தொடக்கம் இரண்டு மணிக்குள் அரை மணித்தியாலம், கூடினால் ஒரு மணித்தியாலம் போதும். நறுக்கிய மொட்டுக் காளானை நடுப்பகல் வெயிலில் வைத்துப் பார்த்த ஆய்வுகளில் 100 கிராமுக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் வந்திருக்கிறது. வெயிலே படாததில் இல்லையென்றே சொல்லலாம். சமைத்தாலும் பெரும்பகுதி மிஞ்சும்.

ரூபன் தம்பி, அந்த 25 காய்ந்த காளானுக்குப் பொருந்தும். பச்சைக் காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். 200 கிராம் பக்கெற் முழுவதிலும் ஆறு கிராம் புரதம் வந்தால் பெரிது, அது ஒரு முட்டையளவு. 50 கிராம் பருப்பைப் போட்டால் அதைப் போல இரண்டு மடங்கு. காளானோடு பருப்பும் கடலையும் அம்மாவின் தட்டில் இருக்கவேண்டும்.

கந்தையா, நெடுங்கேணி
பிள்ளையள், மழை விழுந்தால் எங்கட பக்கம் புற்றடியில் காளான் வரும். அதைச் சும்மா எடுக்கலாமே, காசும் இல்லை. கறியில் மஞ்சள் போட்டு நிறம் மாறாவிட்டால் நஞ்சில்லை என்று எங்கட அம்மா சொல்லுவா.

வளர்மதி, கனகபுரம்
ஐயா, புற்றுக் காளானை நன்றாக இனம் தெரிந்தவர்கள் எடுக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் மஞ்சளோ வெள்ளிக் கரண்டியோ நஞ்சைக் காட்டாது. பெரிய வெள்ளைக் குடையாகப் புல்லில் முளைக்கும் ஒரு வகை, முற்றினால் அடிமடிப்பு பச்சை ஓடும், அதைச் சாப்பிட்டு வாந்தியும் வயிற்றோட்டமுமாய் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் பல நாடுகளில் உண்டு. அவித்தால் எல்லா நஞ்சும் போகும் என்பதும் இல்லை. சர்மிளாவின் அம்மாவுக்கு வளர்த்த காளானே நல்லது.

சர்மிளா, கிளிநொச்சி
நன்றி அக்கா. வழுவழுத்ததை எறிந்துவிட்டேன். இனி வாங்கும்போது என்ன பார்க்கவேணும்? குளிசையை நிறுத்தலாமா?

வளர்மதி, கனகபுரம்
குளிசையை நிறுத்தவேண்டாம், அது டொக்டர் முடிவு. காளானில் வருவது விற்றமின் டியில் டி2 என்ற வகை, அது டி3 என்ற மற்ற வகை அளவுக்கு இரத்தத்தில் ஏறாது. பரிசோதனை செய்யும் சில முறைகள் டி2வைச் சரியாக எண்ணுவதுமில்லை, அடுத்த முறை போகும்போது கேளுங்கோ.

வாங்கும்போது பைக்குள் தண்ணீர் நிற்கிறதா, விளிம்பு மஞ்சளாகிச் சுருண்டிருக்கிறதா என்று பாருங்கோ. கொத்தில் கீழ்க் குடையின் மேல் மா தூவினது போல வெள்ளையாக இருந்தால் அது வித்துத்தூள், நஞ்சில்லை, ஆனால் முற்றிப்போனது. வீட்டுக்கு வந்ததும் கழுவாமல் கடதாசிப் பையில் மாற்றி பிரிட்ஜில் வைத்து, மூன்று நான்கு நாளுக்குள் முடியுங்கோ.

ரூபன், புதுக்குடியிருப்பு
மாரியில் நாலு நாள் வெயிலே வராதே, அப்ப என்ன செய்யிறது? கோடையில் காயவைத்து வைத்தால் டி நிற்குமா?

வளர்மதி, கனகபுரம்
நிற்கும், ஆனால் மாதம் போகப் போகக் குறைந்துகொண்டே வரும். மொறுமொறு என்று உடைகிற அளவுக்குக் காயவேண்டும், காற்றுப் புகாத போத்தலில் இருட்டில் வையுங்கோ. நான் ஐப்பசிக்கு முன்னமே கொஞ்சம் காயப்போடுகிறேன். மாரி முழுக்க வேறு யாராவது வைத்துப் பார்த்திருந்தால் எழுதுங்கோ.