பெர்சனாலிட்டி 7, மெச்சூரிட்டி 1: நாப்பதுக்கு மேல புருஷன் பொண்டாட்டிக்கு ஆகாதா?

கோவை கவிதா:
எல்லாருக்கும் வணக்கமுங்க. என் பெர்சனாலிட்டி நம்பர் 7, வீட்டுக்காரரோட மெச்சூரிட்டி நம்பர் 1, இது ரெண்டும் சேராது, அவருக்கு 40 தாண்டுனா மனசு விட்டுப்போயிரும்னு எங்க ஏரியா நியூமராலஜிஸ்ட் ஒருத்தர் சொல்லிட்டாருங்க. என் பேர்ல கடைசியா இன்னொரு A சேத்து எழுதுனா சரியாயிருமாம். நான் KAVITHA, 14-08-1988. அவர் KARTHIK, 05-03-1985. போன மார்ச்லதான் அவருக்கு 40 முடிஞ்சுது, பம்ப் கம்பெனி வேலைய விட்டுட்டு சொந்தமா லேத் பட்டறை போடறேன்னு ஒத்தக்கால்ல நிக்கறார். இது அந்த 1 வேலை செய்யறதுதானா? A சேக்கலாமா?

நியூமரோ தினேஷ்:
சிஸ்டர், 7 எல்லாம் இல்ல உங்களுக்கு, நான் போட்டு பாத்துட்டேன். மெய்யெழுத்து மட்டும் எடுத்தா K2 V6 T4 H5, மொத்தம் 17, அதாவது 8. பெர்சனாலிட்டி 8னா சனி, அதான் வீட்ல இவ்வளவு இழுபறி. A சேக்கறது நல்லதுதான், சீக்கிரம் கெஜட்ல போட்டு மாத்திடுங்க. மெச்சூரிட்டி நம்பரும் இப்ப என்ன பேரு எழுதுறீங்களோ அதுலதான் வரும். ஒண்ணு மட்டும் அவர் சரியா சொல்லிருக்கார், 35, 40க்கு மேல தான் அது முழுசா ஆளும், அதுக்கு முன்னாடி லேசா எட்டிப் பாக்கும் அவ்வளவுதான்.

பழைய வாத்தியார்:
தினேஷ் தம்பி, ரெண்டு அடுப்புல ஒரே சட்டிய வச்சிட்டீங்க. நீங்க போட்டது கீரோ முறை அட்டவணை, நம்மூர்ல போர்டு மாட்டியிருக்கறவங்க முக்காவாசி பேர் வச்சிருக்கறது, அதுல எந்த எழுத்துக்கும் 9 கிடையாது. பெர்சனாலிட்டி, மெச்சூரிட்டிங்கற பேச்சு வர்றது மேல்நாட்டு பித்தாகரஸ் முறையில, பேருதான் பித்தாகரஸ், ஆனா இப்ப இருக்கற வடிவம் 1900க்கு அப்புறம் அமெரிக்காவுல ஆளுங்க சேர்ந்து கட்டினது. அதுல A-லருந்து வரிசையா 1, 2, 3னு 9 வரைக்கும் போய் மறுபடியும் 1-லருந்து ஆரம்பிக்கும். அந்த கணக்குல பாரு:

```
KAVITHA  2+1+4+9+2+8+1 = 27 = 9
மெய் மட்டும்  2+4+2+8 = 16 = 7
பிறந்த தேதி  1+4+8+1+9+8+8 = 39 = 12 = 3
மெச்சூரிட்டி  3 + 9 = 12 = 3

KARTHIK  2+1+9+2+8+9+2 = 33 = 6
மெய் மட்டும்  2+9+2+8+2 = 23 = 5
பிறந்த தேதி  5+3+1+9+8+5 = 31 = 4
மெச்சூரிட்டி  4 + 6 = 10 = 1
```

ஆக கவிதாம்மா, உங்களுக்கு 7 சரி, அவருக்கு 1 சரி, கணக்குல தப்பில்ல. ஆனா ஒப்பிட்டது தப்பு. பெர்சனாலிட்டி நம்பர்ங்கறது வாசல்ல நின்னு பாக்கறவனுக்கு தெரியற மூஞ்சி, மெச்சூரிட்டிங்கறது நாப்பது வயசு ஆளு உள்ள பழுத்து வர்ற குணம். உங்க வாசலையும் அவர் அடுக்களையையும் வச்சு பொருத்தம் பாத்தா எப்படி? இந்த முறை தெரிஞ்சவங்க வாசலுக்கு வாசல் பாப்பாங்க, உங்க 7க்கு அவர் 5, அது எதனால பிடிச்சுதுங்கறதுக்கு. அப்புறம் பழுத்ததுக்கு பழுத்தது, உங்க 3க்கு அவர் 1, அது பின்னாடி எப்படி ஓடும்ங்கறதுக்கு. 1ம் 3ம் பொதுவா ஒத்துப்போற ஜோடின்னுதான் அவங்க புஸ்தகங்கள்லயே எழுதியிருக்கும்.

சந்தேகப்பிராணி:
வாத்தியாரே, ஒரு கேள்வி. மார்க் ஷீட்ல இனிஷியல் இருக்குமே, அத எங்க விட்டீங்க? அந்த அமெரிக்கா முறையில பிறந்தப்ப வச்ச முழுப்பேரு எடுக்கணும், அவங்களுக்கு நடுப்பேரு குடும்பப்பேருன்னு இருக்கு, நமக்கு இருக்கறது அப்பா பேரோட ஒத்தை எழுத்து. கவிதா, இனிஷியல் சொல்லுங்க.

கோவை கவிதா:
எனக்கு R, அவருக்கு M. சர்டிபிகேட்ல எல்லாம் அப்படித்தானுங்க இருக்குது.

சந்தேகப்பிராணி:
பாருங்க கூத்த. R-க்கு 9, ஒன்பத எங்க கூட்டுனாலும் மிச்சம் அதேதான் வரும், அதனால கவிதாவுக்கு ஒண்ணும் மாறல, 7ம் 3ம் அப்படியே. ஆனா கார்த்திக்குக்கு M-க்கு 4 சேத்தா மெய்யெழுத்து 27, அதாவது 9, பேரு 37 ஆகி 1, பிறந்த தேதி 4ஓட சேந்து மெச்சூரிட்டி 5. அஞ்சுல இருந்து ஒண்ணுக்கு போறவர் இப்ப ஒன்பதுல இருந்து அஞ்சுக்கு போறார். இனிஷியல விட்டு KARTHICKனு எழுதியிருந்தா ஒரு C-ல 8ம் 4ம். ஒரே மனுஷன், ஒரே பொண்டாட்டி, மூணு விதமான அறுவது வயசு. பர்த் சர்டிபிகேட் எழுதுன கிளார்க் பேனாவுல இருக்கு உங்க தாம்பத்தியம்னு சொல்லுங்க.

பழைய வாத்தியார்:
இனிஷியல் விஷயத்துல உங்க கேள்வி நியாயம், மறுக்கல. நான் கத்துக்கிட்டவர் கூப்பிடற பேரத்தான் எடுப்பார், இன்னொருத்தர் அப்பா பேர முழுசா எழுதி கூட்டுவார், நம்ம பேருக்கு இந்த முறை தச்ச சட்டை இல்ல, அதான் உண்மை. இனிஷியல் வேண்டாம்னு நான் முடிவு பண்ணது பழக்கத்துலதான், காரணம் கேட்டா இல்ல.

ஆனா A விஷயத்துக்கு வரேன், அதுலதான் நான் கோவப்படறேன். பெர்சனாலிட்டி நம்பர் மெய்யெழுத்துலருந்து வர்றது, A உயிரெழுத்து. ஒரு A இல்ல பத்து A சேத்தாலும் அந்த 7 அசையாது. மெச்சூரிட்டி நம்பரோ பிறந்தப்ப வச்ச பேர்ல நிக்கறது, பின்னாடி மாத்துனா மாறாதுன்னு அந்த முறையிலயே விதி. தினேஷ் தம்பி, நீங்க சொன்ன இன்னைக்கு எழுதற பேரு கணக்கு சில்லறை பலனுக்குத்தான். அப்ப எதுக்கு A? கீரோ முறையில KAVITHA 20, ஒரு A சேத்தா 21, அது அதுல ராசியான நம்பர். அதாவது வியாதிய ஒரு வைத்தியத்துல சொல்லி மருந்த இன்னொரு வைத்தியத்துல குடுக்கறார்.

நியூமரோ தினேஷ்:
சரி அட்டவணை மாத்தி போட்டுட்டேன், ஒத்துக்கறேன். ஆனா என் கிளையண்ட் ஒருத்தர் பேரு மாத்தி எட்டே மாசத்துல பிரிஞ்சவங்க சேந்தாங்க, அதுக்கு என்ன சொல்வீங்க?

சந்தேகப்பிராணி:
மாத்தாம சேந்தவங்க உங்ககிட்ட பில் கட்ட வர மாட்டாங்களே தினேஷ்.

ராசிபுரம் ராணி:
நான் கேக்கறது வேற, பத்து பொருத்தம் பாத்து ரஜ்ஜு தட்டலைன்னா இந்த நம்பர் பொருத்தம் பாக்கணுமா? எங்களுக்கு அதெல்லாம் இருந்தும் எங்க வீட்டுக்காரரு ரிட்டையர் ஆன அன்னிலருந்து மாறிட்டாரு. முப்பது வருஷம் காலைல எட்டு மணிக்கு போனா ராத்திரி எட்டுக்கு வருவாரு, இப்ப நாள் பூரா சமையல்கட்டுல நின்னுக்கிட்டு இந்த டப்பால ஏன் மூடி இல்ல, மிளகாத்தூள் ஏன் ரெண்டு எடத்துல இருக்குன்னு கேள்வி. வயசானா பந்தம் மாறும்னு சொல்றது சத்தியமான வார்த்தை. ஆனா அவருக்கு வந்தது மெச்சூரிட்டி நம்பரா பென்ஷனா சொல்லுங்க.

பழைய வாத்தியார்:
ரஜ்ஜு ஜாதகக் கணக்கும்மா, இதோட கலக்காதீங்க. கவிதாம்மா, வயசோட என்ன மாறும்னு இந்த முறை சொல்றத முழுசா சொல்லிடறேன், நம்பறது உங்க இஷ்டம். பெர்சனாலிட்டி நம்பர் புதுசா பழகறப்பதான் கனம், அஞ்சாறு வருஷம் கூட இருந்தவங்களுக்கு அந்த மூடி கழண்டுடும். அதனால கல்யாணமாகி இத்தன வருஷம் கழிச்சு அவர் 40ல உங்க 7ஓட மோதறார்ங்கறது அந்த சாஸ்திரப்படியே பொருந்தல. ரெண்டாவது, மெச்சூரிட்டி நம்பர் புதுசா வந்து குதிக்கறதா, இல்ல ஏற்கனவே ஜாதகத்துல, மன்னிக்கணும், கட்டத்துல இருந்ததான்னு பாப்பாங்க. உங்க பேரு 9ங்கறதால பிறந்த தேதி 3ஏ மெச்சூரிட்டி 3 ஆயிடுச்சு, அப்ப அது புதுசு இல்ல, இருந்ததே தடிக்கும். அவர் பேர்ல உயிரெழுத்து A1, I9, மொத்தம் 10, உள்மனசு நம்பர் 1. அவருக்கும் மெச்சூரிட்டி 1 ஏற்கனவே உள்ள இருந்ததுதான். நியூமராலஜிஸ்ட் பாஷையில சொன்னா, வெளிய அமைதியா தெரிஞ்ச நீங்க வாய் திறந்து பேச ஆரம்பிப்பீங்க, ஊர் சுத்தறவரா தெரிஞ்ச அவர் என் இடம் என் முடிவுன்னு உக்காருவார். மோதல் வரும்னா அங்கதான் வரும், பிரிவுன்னு எங்கயும் இல்ல. எந்த வயசுலங்கறதுல ஒருத்தர் 35ம்பார், ஒருத்தர் 45, 50ம்பார். மூணரை வருஷம் மூத்தவர்ங்கறதால அவருக்கு முன்னாடியே ஆரம்பிச்சு உங்களுக்கு பின்னாடி வரும், நடுவுல இருக்கற காலம்தான் இடறும்னு சொல்றவங்களும் உண்டு.

சந்தேகப்பிராணி:
நாப்பது வயசு ஆம்பள சொந்தமா தொழில் பண்ணணும்னு நினைக்கறதுக்கு 1 வேணுமா? கோயமுத்தூர்ல கம்பெனியில வேலை பாக்கற டர்னர்ல பாதிப்பேர் அதத்தான் நினைச்சிட்டிருப்பான். கல்யாணமாகி பத்து வருஷத்துக்கப்புறம் பேசாத பொண்டாட்டி பேச ஆரம்பிக்கறதுக்கு 3 வேணுமா? 1948ல ஃபோரர்னு ஒரு சைக்காலஜி வாத்தியார் தன் மாணவங்க எல்லாருக்கும் ஒரே குணச்சித்திரத்த உனக்குன்னே எழுதினதுன்னு குடுத்தார், அஞ்சுக்கு சராசரி நாலுக்கு மேல மார்க் போட்டு எனக்கு அப்படியே பொருந்துதுன்னாங்க. வாத்தியாரே, ஒரு வேலை பண்ணுங்க, இவங்க கட்டத்த ராணிம்மாகிட்டயும் ராணிம்மா கட்டத்த இவங்ககிட்டயும் மாத்தி படிச்சு காட்டுங்க, யாருக்காவது வித்தியாசம் தெரியுதான்னு பாப்போம்.

பழைய வாத்தியார்:
செஞ்சு பாக்கலாம், தோத்தாலும் சொல்லுவேன். ஆனா என்கிட்ட வர்றவங்கள்ல பாதி பேர் நம்பருக்காக வரலை தம்பி, வீட்டுக்காரர பத்தி அரை மணி நேரம் யாராவது காது குடுத்து கேக்கணும்னு வராங்க.

கோவை கவிதா:
A சேக்கலீங்க. நேத்து நைட்டு சாப்பாட்டுல உக்காந்தப்ப அவர்கிட்ட இதெல்லாம் சொன்னேன், எனக்கு ஒண்ணாம் நம்பரா, அப்ப நாந்தான் முதலாளின்னு சிரிச்சார். அப்புறம் மெதுவா சொல்றார், பழைய லேத் ஒண்ணுக்கு முப்பதாயிரம் அட்வான்ஸ் போன வாரமே குடுத்தாச்சாம், பாப்பா ஸ்கூல் ஃபீஸுக்கு எடுத்து வச்சிருந்தது. அஞ்சு நம்பர் ஆள்தான் எதையும் கேக்காம ஓடுவான்னு நினைச்சேன், ஒண்ணும் அதேதான் போலிருக்குதுங்க. சண்டை போட்டுட்டு இருக்கோம். மெஷின் நாளைக்கு வருது, கணக்கு நோட்டு நாந்தான் எழுதுவேன்னு சொல்லிட்டேன், அதுக்கு மட்டும் சரின்னுட்டார்.

நியூமரோ தினேஷ்:
பட்டறைக்கு என்ன பேரு வைக்கறீங்க சிஸ்டர்? 17 வராம பாத்துக்கோங்க.