20 லிட்டர் வெந்நீருக்கு விறகு 1.4 கிலோ, கேஸ் 100 கிராம்: இந்தக் கணக்கு சரியா?

திருமங்கலத்தான்: அம்மா தினமும் காலையில் குளிக்க 20 லிட்டர் தண்ணி காயவைக்கிறாங்க. கொல்லையில் கல் கூட்டின அடுப்பு, சீமைக்கருவேல விறகு. நிறுத்துப் பார்த்தேன், 28 டிகிரியிலிருந்து 58 டிகிரிக்கு வர 1.4 கிலோ ஆச்சு. அதே குண்டாவை கேஸில் வச்சா 100 கிராம்தான். அப்ப விறகு அடுப்பு 14 மடங்கு வீணா?

கொட்டாம்பட்டி வாத்தியார்: எடையோட எடையை ஒப்பிடக் கூடாது தம்பி. காய்ஞ்ச கருவேல விறகு ஒரு கிலோவில் சுமார் 15 மெகா ஜூல் இருக்கும், கேஸில் 46. ஒரு லிட்டர் தண்ணி ஒரு டிகிரி ஏற 4.19 கிலோ ஜூல் வேணும். உங்க 20 லிட்டர் 30 டிகிரி ஏறியிருக்கு, ஆக தண்ணிக்குள்ள போனது 2.5 மெகா ஜூல். கேஸில் நீங்க செலவழிச்சது 4.6, அதனால திறன் 55 சதம் பக்கம். விறகில் செலவு 21, திறன் 12 சதம். வித்தியாசம் நாலரை மடங்குதான்.

பழங்காநத்தம் குமார்: கேஸ் 55 எப்படி வரும் சார்? இந்தியத் தர நிர்ணயப்படி வீட்டு அடுப்புக்கு 68 சதமாவது இருக்கணுமே. அளந்ததில்தான் தப்பு.

கொட்டாம்பட்டி வாத்தியார்: 68ங்கிறது சோதனைக்கூடத்தில், அதுக்குன்னு உள்ள பாத்திரத்தில், மூடி போட்டு எடுக்கிற அளவு. வீட்டில் தீ குண்டா விளிம்பைத் தாண்டி மேலே நக்கினாலே குறைஞ்சிடும். ஆனா ஒரு சந்தேகம் எனக்கும் இருக்கு. 30 கிலோ சிலிண்டரை எந்தத் தராசில் வச்சீங்க தம்பி?

திருமங்கலத்தான்: மளிகைக் கடைத் தராசு, 50 கிராம் 50 கிராமாத்தான் கூட்டிக் குறைச்சுக் காட்டும்.

கொட்டாம்பட்டி வாத்தியார்: முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை நிறுத்திருக்கீங்க, ஒவ்வொண்ணிலும் 25 தப்பலாம். அப்ப 100ங்கிறது 50ஆகவும் இருக்கலாம், 150ஆகவும் இருக்கலாம். திறன் 36 சதத்துக்கும் இறங்கும், நடக்கவே முடியாத 100க்கு மேலயும் போகும். அந்த அடுப்பில் வேற எதுவும் சமைக்காம பத்து நாள் இதே வெந்நீரைப் போட்டு, மொத்தக் குறைவைப் பத்தால் வகுங்க.

மேலூர் செல்வி: கேஸ்காரங்க எல்லாரும் ஒண்ணை மறக்கிறீங்க. அடுப்பில் கரி மிஞ்சுமே! அதைக் கழிக்காம விறகுமேல பழி போடுறது அநியாயம்.

திருமங்கலத்தான்: ஆமாக்கா, கங்குமேல தண்ணி தெளிச்சு அணைச்சு நிறுத்தேன். 300 கிராம் இருந்துச்சு.

மேலூர் செல்வி: பாத்தீங்களா! 1.4ல் 0.3 போனா எரிஞ்சது 1.1 கிலோதான். திறன் 15 சதம் ஆயிருச்சு.

கொட்டாம்பட்டி வாத்தியார்: கழிக்கணும்னு சொல்றது சரிம்மா, கழிச்ச விதம்தான் தப்பு. கரி ஒரு கிலோவில் 29 மெகா ஜூல் இருக்கு, விறகைப்போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. எடையைக் கழிக்காம சக்தியைக் கழிக்கணும். 21ல் 8.7 போனா 12.3, திறன் 20 சதம். நீங்க சொன்னதைவிடவும் கூட. ஆனா தண்ணி தெளிச்ச கரி தண்ணியைக் குடிச்சிருக்கும், 300ஐ நம்ப முடியாது. காயவச்சு மறுபடி நிறுங்க. அடுத்த தடவை கங்கை இறுக்கமா மூடுற தகர டின்னில் போட்டு அணைங்க.

உசிலை பாண்டி: எங்க வீட்டில் தாத்தா காலத்துச் செம்பு பாய்லர் இருக்கு. நடுவில் குழாய், அதுக்குள்ள தேங்காச் சிரட்டை போட்டாப் போதும். கேஸ் விக்கிற விலைக்கு யாரு அதில் தண்ணி காயவைப்பா?

பழங்காநத்தம் குமார்: இங்க விலைப் பேச்சு இல்ல பாண்டி, திறன் பேச்சு.

கொட்டாம்பட்டி வாத்தியார்: பாண்டி சொன்னதிலும் விஷயம் இருக்கு. கல் அடுப்பில் சூடு நாலு பக்கமும் காத்தோட போயிடும். பாய்லரில் தீயைச் சுத்தி தண்ணி நிக்குது, புகையும் குழாய் வழியா சூட்டைக் கொடுத்துட்டுத்தான் மேலே போகுது. கல் அடுப்போட சதவீதத்தை அதுக்குச் சொல்ல முடியாது.

திருமங்கலத்தான்: ரெண்டு நாள் வெயிலில் காயவச்சேன் சார். கரி 200 கிராம்தான்.

கொட்டாம்பட்டி வாத்தியார்: 5.8 கழியும், மிச்சம் 15.2. திறன் 16 சதம் சொச்சம். விறகு நல்லாக் காய்ஞ்சதுதானே? எரியும்போது முனையில் நுரை தள்ளி இரைஞ்சா ஈரம்னு அர்த்தம். பாதிக்குப் பாதி ஈரமுள்ள பச்சை விறகு கிலோவுக்கு 8 மெகா ஜூல்தான் தரும், நம்ம கணக்கு மொத்தமும் மாறிடும்.

திருமங்கலத்தான்: போன பங்குனியில் வெட்டினது, இரைச்சல் இல்ல.

பழங்காநத்தம் குமார்: கரியைக் கழிக்கிறதையே நான் ஒத்துக்க மாட்டேன். வெந்நீருக்கு அம்மா அடுப்பில் வச்சது 1.4 கிலோ. அந்தக் கரியை யாராவது பயன்படுத்தினாத்தானே வரவு? சாம்பலா அள்ளிக் கொட்டினா 12 சதம்தான்.

மேலூர் செல்வி: யாரு கொட்டுறா? எங்க வீட்டில் கரியைச் சேத்துவச்சு இஸ்திரிப் பெட்டிக்குப் போடுவோம்.

கொட்டாம்பட்டி வாத்தியார்: அடுப்போட திறனை மட்டும் பாத்தா செல்வி சொல்றது, வீட்டு விறகுச் செலவைப் பாத்தா குமார் சொல்றது. தம்பி, உங்க அம்மா கரியை என்ன செய்றாங்க?

திருமங்கலத்தான்: பாதி மறுநாள் அடுப்பு பத்தவைக்க. மீதி அப்படியே கங்காக் கிடக்கும், அதுமேல தம்பிக்கு ஒரு சொம்புத் தண்ணி வைப்பாங்க. அந்தச் சொம்பை எந்தக் கணக்கில் சேக்கிறது சார்?

பழங்காநத்தம் குமார்: அதைச் சேத்தா கேஸ் அடுப்பை அணைச்ச பிறகு பர்னரில் நிக்கிற சூட்டையும் சேக்கணும்.

மேலூர் செல்வி: பர்னர் சூட்டில் ஒரு சொம்பு காயுமா? வச்சுப் பாத்துட்டு வந்து எழுதுங்க.