கறுத்த புளிக்கு இருப்புக் கணக்கில் என்ன விலை போடுவது?

தருமபுரியில் புளி மண்டி வைத்திருக்கிறேன். போன ஏப்ரலில் கிலோ 120 ரூபாய்க்கு வாங்கியதில் 2,000 கிலோ மார்ச் 31 அன்று தேங்கிக் கிடந்தது. சாக்கைப் பிரித்தால் சுளையெல்லாம் கறுத்து, பிசுபிசுவென்று ஒட்டுகிறது.

புதுப்புளி வந்துவிட்டதால் இரண்டு வியாபாரிகளும் 85க்கு மேல் பேசவில்லை. கமிஷன், வண்டி வாடகை போக 82தான் நிற்கும். அப்படியானால் 76,000 ரூபாய் நட்டம். என் ஆண்டு லாபமே மூன்று லட்சம்தான், சின்னத் தொகை என்று விட முடியாது.

கணக்கு எழுதுபவர், “எப்போதும் வாங்கிய விலைதானே போட்டோம், முறையை மாற்றக் கூடாது” என்கிறார். முந்தைய மூன்று வருட நோட்டுகளைப் புரட்டினேன். அந்த மூன்று வருடமும் சந்தை விலை வாங்கிய விலையைவிட அதிகம். ஆக, இரண்டில் குறைந்ததைப் போட்டதாகத்தானே ஆகிறது?

இப்போது 82 போட்டால் அது முறை மாற்றமா, இல்லை அதே முறையா?