நடுவுல 300, மவுஸ் வச்சா 344: கார்டோட அகலம் எது?

தேன்மொழி_கோவை:
குரோம்ல இன்ஸ்பெக்ட் போட்டு கம்ப்யூட்டட் டேப்ல வர்ற கலர் பெட்டியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போட்டிருக்கேன். நடுவுல நீலத்துல 300 × 72, சுத்தி பச்சைல 20, மஞ்சள்ல 2, ஆரஞ்சுல 16. ஆனா பக்கத்துல கார்டு மேல மவுஸ் வச்சா 344 × 116னு வருது. எதை நம்புறது? 360 பிக்சல் போன்ல பக்கம் சைடுல நகருது. இன்னொண்ணு, கார்டு ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா இருக்கு, 16ம் 16ம் சேர்ந்து 32 இடைவெளி வரணும்ல, 16தான் இருக்கு.

```css
.card {
  width: 300px;
  padding: 20px;
  border: 2px solid #ccc;
  margin: 16px;
}
```

வேகவலை:
இதுக்கு ஒரே வரி போதும்ங்க. `box-sizing: border-box` போடுங்க, நடுவுல 300, வெளிலயும் 300, ரெண்டும் ஒண்ணாயிடும். எந்த ப்ராஜெக்ட் ஆரம்பிச்சாலும் முதல் வரியா நான் இதைத்தான் போடுவேன். மார்ஜின் விஷயம் ப்ரௌசரோட பக், அதை விட்டுத் தள்ளுங்க.

பழனி_அண்ணன்:
வேகவலை, நீங்க சொன்ன வரி சரி, ஆனா அதைப் போட்டா என்ன தெரியும்னு சொன்னீங்கள்ல, அது தப்பு. போட்டுப் பாருங்க, நடுவுல 300 நிக்காது, 256 × 72னு மாறும். ஏன்னா அந்த நீலப் பெட்டி எப்பவுமே உள்ள இருக்குற எழுத்துக்கு மிச்சம் இருக்குற இடத்தைத்தான் காட்டும், நீங்க `width`ல எழுதின நம்பரை அப்படியே காட்டாது. 300ல ரெண்டு பக்கமும் பேடிங் 40 போச்சு, பார்டர் 4 போச்சு, மிச்சம் 256.

தேன்மொழி, உங்க படத்துல ரெண்டு நம்பரும் சரிதாம்மா, ரெண்டும் வேற வேற இடத்தை அளக்குது. 300ங்கறது உள்ளடக்கம் மட்டும். மவுஸ் வச்சா வர்ற 344 பார்டரோட வெளி ஓரத்துல இருந்து வெளி ஓரம் வரைக்கும், அதாவது 300 கூட பேடிங் 40, பார்டர் 4. உயரமும் அதே கணக்குதான், 72 + 40 + 4 = 116. மார்ஜின் இது எதுலயும் சேராது. கன்சோல்ல நீங்களே சரிபார்க்கலாம், எலிமெண்ட்ஸ்ல கார்டை செலக்ட் பண்ணிட்டு இதை அடிங்க:

```js
$0.offsetWidth   // 344
$0.clientWidth   // 340
```

முதல்ல வர்றது பார்டரோட சேர்த்து, ரெண்டாவது பார்டரைக் கழிச்சு பேடிங் வரைக்கும்.

போன்ல நகருறதுக்குக் காரணமும் இதேதான். `body`க்கு ப்ரௌசரே 8 பிக்சல் மார்ஜின் குடுத்திருக்கும், நீங்க அதை எடுக்கலைன்னா இடது ஓரத்துல 8, அப்புறம் கார்டு மார்ஜின் 16, அப்புறம் 344, மொத்தம் 368. ஸ்க்ரீன் 360. அந்த 8 பிக்சல்தான் வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது. `border-box` போட்டா 8 + 16 + 300 = 324, அடங்கிடும்.

வேகவலை:
256 காட்டுறது இப்பதான் பாத்தேன், ஒத்துக்கறேன். ஆனா அந்த வரி இருந்தா யாருக்கும் இந்தக் கூட்டல் கழித்தல் தேவையே இல்லைங்கறது என் வாதம். 300னு எழுதுறவன் மனசுல கார்டு மொத்தமும் 300னுதான இருக்கும்?

பழனி_அண்ணன்:
அந்த எண்ணம் பழசுதான் தம்பி. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 அப்படித்தான் அளந்துச்சு, பேடிங் பார்டர் எல்லாம் `width`க்கு உள்ளயே. ஆனா 1996ல வந்த முதல் சிஎஸ்எஸ் விதிப்படி அகலம்னா உள்ளடக்கம் மட்டும். அந்தக் காலத்துல ஒரே பக்கம் ரெண்டு ப்ரௌசர்ல ரெண்டு அகலமா நிக்கும், நாங்க ஒவ்வொண்ணுக்கும் தனி அளவு எழுதிட்டு இருந்தோம். `border-box` நல்லதுன்னுதான் நானும் சொல்றேன். ஆனா ஸ்க்ரீன்ஷாட்டைப் படிக்கத் தெரியணும், இல்லைன்னா நாளைக்கு 256ஐப் பாத்துட்டு அகலம் தப்பா இருக்குன்னு இன்னொரு பதிவு போடுவாங்க.

ராஜி_டெவ்:
என் கேஸும் இதுதான்னு நினைக்கிறேன். போன்ல எங்க "அனுப்பு" பட்டன் சின்னதா இருக்கு, விரல் வச்சா சில சமயம் விழ மாட்டேங்குதுன்னு கம்ப்ளெயின்ட் வந்துச்சு, நான் மார்ஜினை 4ல இருந்து 14 ஆக்கினேன், படத்துல ஆரஞ்சு பட்டை நல்லா பெருசாச்சு, ஆனா இன்னும் அதே கம்ப்ளெயின்ட்தான் வருது.

பழனி_அண்ணன்:
ராஜி, அது வேற பிரச்சனைம்மா, ஆனா அதே படத்துல பதில் இருக்கு. ஆரஞ்சு பட்டை பட்டனுக்குச் சொந்தமே இல்லை, அங்க தொட்டா பின்னாடி இருக்குறதைத் தொட்ட மாதிரிதான். பேக்ரவுண்ட் கலரும் பேடிங், பார்டர் வரைக்கும்தான் பரவும், மார்ஜினுக்குப் போகாது. அந்த 10 பிக்சலை பேடிங்குக்கு மாத்துங்க, பச்சை பட்டை மேல விரல் பட்டா பட்டன் வேலை செய்யும்.

ராஜி_டெவ்:
பேடிங் ஆக்கிட்டேன், விழுது! டிசைனர் மட்டும் பட்டன் குண்டாயிருச்சுன்னு சொல்றாங்க, அதை அவங்ககிட்ட பேசிக்கறேன்.

தேன்மொழி_கோவை:
அகலம் புரிஞ்சுது அண்ணே, 324 வந்து போன்ல நகருறது நின்னுடுச்சு. ஆனா அந்த 16? ரெண்டு கார்டுலயும் ஆரஞ்சுல 16, 16னுதான் காட்டுது.

பழனி_அண்ணன்:
முதல் கார்டை செலக்ட் பண்ணிட்டு பக்கத்துல பாருங்க, அதுக்குக் கீழ ஒரு ஆரஞ்சு பட்டை தெரியும். இப்ப ரெண்டாவது கார்டை செலக்ட் பண்ணுங்க, அதே இடத்துல, அதே பட்டை, இப்ப அதோட மேல்பக்கமா தெரியும். ஒரே 16ஐ ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கறாங்க. சாதாரண பிளாக்கா மேலயும் கீழயும் அடுக்கினா ரெண்டு மார்ஜினும் ஒண்ணோட ஒண்ணு மடிஞ்சிடும், பெருசு எதுவோ அதுதான் நிக்கும். இது பக் இல்லை வேகவலை, விதியே அப்படித்தான். டெவ்டூல்ஸ் ஒவ்வொரு எலிமெண்ட்டுக்கும் என்ன எழுதியிருக்குன்னு காட்டுது, மடிஞ்ச பிறகு மிச்சம் என்னன்னு அந்தப் பெட்டியில காட்டாது.

வேகவலை:
சரி, அப்ப எப்பவும் பெருசு எதுவோ அதான் இடைவெளின்னு வச்சுக்கலாம்ல?

பழனி_அண்ணன்:
எப்பவும்னு சொல்லாதீங்க. கார்டுகளோட பேரன்ட்டுக்கு `display: flex; flex-direction: column` போட்டுப் பாருங்க, உடனே 32 ஆயிடும், அங்க மடியாது. இடது வலதுலயும் மடியாது. ஒரு பக்கம் மைனஸ் மார்ஜின் இருந்தா கணக்கே வேற.

வேகவலை:
அப்ப மார்ஜினையே விட்டுட்டு அந்த ஃப்ளெக்ஸ் பேரன்ட்ல `gap: 16px` குடுத்தா போச்சு. கார்டு தன்னைச் சுத்தி எவ்வளவு இடம்னு தானே எதுக்கு முடிவு பண்ணணும்?

பழனி_அண்ணன்:
கார்டு லிஸ்ட்டுக்கு நானும் அதையேதான் பண்ணுவேன். ஆனா ஒரு கட்டுரைப் பக்கத்துல தலைப்பு, பத்தி, படம்னு வரும்போது தலைப்புக்கு மேல 32, பத்திகளுக்கு நடுவுல 16னு வேணும், அங்க ஒரே `gap` உதவாது, மார்ஜின் மடியறதுதான் அழகா அமையும்.

வேகவலை:
அங்கயும் நான் `margin-top` மட்டும்தான் போடுவேன், கீழ்ப்பக்கம் தொடவே மாட்டேன். மடியறதை நம்பி டிசைன் பண்ணிட்டு நாளைக்கு யாராச்சும் பேரன்ட்டை ஃப்ளெக்ஸ் ஆக்கினா எல்லா இடைவெளியும் மாறிடும்.

தேன்மொழி_கோவை:
நான் இப்போதைக்கு `gap` போட்டு கார்டு மார்ஜினை எடுத்துட்டேன், ஆரஞ்சுல நாலு பக்கமும் கோடு மட்டும் தெரியுது, இடைவெளி 16. ஆனா இப்ப கார்டு இடது பக்கம் ஓரத்துல 8தான் இருக்கு, அந்த 16 போயிருச்சே?

பழனி_அண்ணன்:
`gap` கார்டுகளுக்கு நடுவுல மட்டும்தான்மா, ஓரத்துக்கு வராது. பேரன்ட்டுக்கு `padding: 16px` குடுங்க, அப்புறம் பேரன்ட்டை செலக்ட் பண்ணிப் பாருங்க, அந்த 16 இப்ப ஆரஞ்சுல இல்லாம பச்சைல இருக்கும்.