டேப்லோ டாஷ்போர்டைப் புது டேட்டாவோடு ரீபப்ளிஷ் செய்தால் மேனேஜர்கள் வைத்திருந்த ஃபில்டர் என்ன ஆகிறது? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

டெப்போ_கணக்கு

எங்கள் நிறுவனத்தில் டெப்போ வாரியான விற்பனை டாஷ்போர்டு ஒன்று டேப்லோ சர்வரில் இருக்கிறது. மேனேஜர்கள் அவரவர் டெப்போக்களை மட்டும் டிக் செய்து, அதை கஸ்டம் வியூவாக சேமித்து வைத்திருக்கிறார்கள். மாதத் தொடக்கத்தில் புது டேட்டாவை ஏற்றி அதே வொர்க்புக்கை மேலெழுதி பப்ளிஷ் செய்கிறோம்.

அப்போது இரண்டு விதமான புகார் வருகிறது. "நான் சேமித்த வியூவையே காணோம்" என்பது ஒன்று. அது உடனே தெரிந்துவிடும். இன்னொன்றுதான் எனக்குக் கவலை. சேலம் மேனேஜர் சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி நான்கையும் தேர்ந்து வைத்திருந்தார். ஏப்ரலில் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூரைத் தனி டெப்போவாகப் பிரித்தார்கள். ரீபப்ளிஷுக்குப் பிறகும் அவருடைய வியூ அப்படியே இருந்தது, அதே நான்கு டிக்குகளோடு. ஓசூர் விற்பனை மட்டும் கணக்கில் வரவில்லை. கிருஷ்ணகிரி திடீரென்று சரிந்ததுபோல் தெரிந்தது, ரிவ்யூ கூட்டத்தில் அவரிடம் விளக்கம் கேட்டார்கள். பிழைச் செய்தி எதுவும் வராததால் அவருக்கும் சந்தேகம் வரவில்லை. இதை நீங்கள் எப்படிக் கையாளுகிறீர்கள்?

கோவை_ரிப்போர்ட்

அதே ப்ராஜெக்ட், அதே வொர்க்புக் பெயர், மேலெழுதவா என்று கேட்டால் ஆம். இவ்வளவு செய்தால் எல்லாருடைய கஸ்டம் வியூவும் இருக்கும். நாங்கள் வெகுநாளாக இப்படித்தான் செய்கிறோம், ஒன்றும் போனதில்லை. உங்கள் பக்கம் யாரோ வொர்க்புக்கை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

சர்வர்_பொறுப்பாளர்

கோவை நண்பர் சொல்வது பாதி சரி. வொர்க்புக் பெயர் மட்டும் போதாது. கஸ்டம் வியூ ஒட்டிக்கொண்டிருப்பது வொர்க்புக்குக்குள் இருக்கும் அந்த ஒரு வியூவோடு, அதாவது ஷீட் அல்லது டாஷ்போர்டின் பெயரோடு. அந்தப் பெயரை மாற்றி மேலெழுதினால் சர்வர் பழைய வியூ போய்விட்டது, புதிது ஒன்று வந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளும். மூல வியூ போனால் அதன் கஸ்டம் வியூக்களும் கூடவே போகும்.

நான் பார்த்த இடத்தில் டாஷ்போர்டுக்கு `Sales_March` என்று பெயர், அடுத்த மாதம் `Sales_April`. மாதாமாதம் எல்லாருடைய தேர்வும் காலி. டாஷ்போர்டு பெயரை `Depot Sales` என்று நிலையாக வைத்து, எந்த மாதத்து டேட்டா என்பதைத் தலைப்பில் ஒரு ஃபீல்டாகக் காட்டச் சொன்னேன். அதோடு அந்தப் புகார் நின்றது. டெப்போ_கணக்கு, உங்கள் முதல் புகாருக்கு இதைத்தான் முதலில் பார்ப்பேன். வியூவின் URL போன மாதம் இருந்ததும் இப்போது இருப்பதும் ஒன்றா என்று ஒப்பிட்டாலே தெரிந்துவிடும்.

இன்னொன்று. டேட்டா மட்டும் மாறுகிறது என்றால் வொர்க்புக்கைத் தொடவே வேண்டாம். டேட்டா சோர்ஸைத் தனியாக பப்ளிஷ் செய்து, வொர்க்புக்கை அதோடு இணைத்து, எக்ஸ்ட்ராக்டை மட்டும் ரிஃப்ரெஷ் செய்யுங்கள். ஆனால் வரும் கோப்பில் நெடுவரிசைப் பெயரை யாராவது மாற்றினால் அதிலும் சிக்கல்தான். `Depot` என்பது `Depot Name` ஆகிவிட்டால், வொர்க்புக்கில் அந்த ஃபீல்டுக்குச் சிவப்பு ஆச்சரியக்குறி விழும், அதன்மேல் கட்டிய ஃபில்டரும் உடையும்.

பவர்பிஐ_திருச்சி

எங்களுக்கு இதற்கு நேர் எதிர். பவர் பிஐ-யில் ஒருவர் ஸ்லைசரில் எதைத் தேர்ந்தாரோ அது தானாகவே அவருக்கு நினைவில் இருக்கும், சேமிக்க வேண்டியதே இல்லை. அதனால் நாங்கள் தொடக்கத் தேர்வை மாற்றிக் கொடுத்தால், ஏற்கெனவே எதையாவது தேர்ந்து வைத்தவர்களுக்கு அது தெரிவதில்லை. ரீசெட் பட்டனை அழுத்துங்கள் என்று சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன். ரிப்போர்ட் செட்டிங்கில் இதை நிறுத்தவும் வழி இருக்கிறது. புதுத் தொடக்கத் தேர்வை எல்லாருக்கும் காட்டுவது எப்படி என்பதுதானே உங்கள் கேள்வி?

டெப்போ_கணக்கு

இல்லைங்க, என் கேள்வி அவர்கள் தேர்வு காப்பாற்றப்பட வேண்டும், ஆனால் புது டெப்போ விட்டுப்போகக் கூடாது என்பது. URL ஒப்பிட்டுப் பார்த்தேன். முந்தைய மாதம் ஒரு டாஷ்போர்டின் பெயர் மாறியிருக்கிறது, காணாமல் போன வியூக்களெல்லாம் அதில்தான். முதல் புகார் முடிந்தது. ஓசூர் விஷயம் அப்படியே இருக்கிறது.

சர்வர்_பொறுப்பாளர்

ஓசூர் விஷயத்தில் டேப்லோ எதையும் இழக்கவில்லை. மேனேஜர் நான்கு பெயர்களைத் தேர்ந்தார், நான்கு பெயர்களாகவே அது சேமிக்கப்பட்டது. "எனக்குக் கீழே உள்ள எல்லா டெப்போவும்" என்பது அவர் மனதில் இருந்தது, ஃபில்டரில் இல்லை. (All) என்றே விட்டிருந்தவர்களுக்கு ஓசூர் தானாக வந்திருக்கும், கேட்டுப் பாருங்கள்.

ஃபில்டர் கார்டின் மெனுவில் `Exclude Values` என்று மாற்றினால், வேண்டாதவற்றின் பட்டியல் சேமிக்கப்படும், புதிதாக வருவது உள்ளே வரும். ஆனால் உங்கள் மேனேஜர்களுக்கு அது ஒத்துவராது. நாலு டெப்போ வேண்டியவர் மற்ற எல்லாவற்றையும் ஒதுக்க வேண்டியிருக்கும், மதுரை பக்கம் புது டெப்போ திறந்தால் அதுவும் சேலத்துக்காரர் கணக்கில் ஏறிவிடும்.

நான் செய்வது, டெப்போவை ஏரியாவோடு இணைக்கும் ஒரு சின்ன அட்டவணையை டேட்டா சோர்ஸில் சேர்ப்பது. ஓசூர் என்ற வரிக்கு ஏரியா சேலம். டாஷ்போர்டில் ஏரியா ஃபில்டரை முன்னால் வைத்து, அதை வைத்து ஒருமுறை மட்டும் கஸ்டம் வியூவைப் புதிதாகச் சேமிக்கச் சொல்லுங்கள். அப்புறம் எத்தனை டெப்போ பிரிந்தாலும் சேமித்த தேர்வு "சேலம்" என்ற ஒரே மதிப்புதான்.

நெல்லை_அனலிஸ்ட்

இவ்வளவு எதற்கு? யார் உள்ளே வருகிறார் என்பதை வைத்து டேட்டா சோர்ஸ் ஃபில்டர் போட்டுவிட்டால் தேர்வே தேவையில்லையே.

```
USERNAME() = [Manager Login]
```

சர்வர்_பொறுப்பாளர்

அது யார் எதைப் பார்க்கலாம் என்பதற்கான பூட்டு. பக்கத்து ஏரியாவோடு ஒப்பிட்டுப் பார்க்க நினைக்கும் மேனேஜருக்கு அதோடு வழி அடைபட்டுவிடும். அனுமதி வேறு, விருப்பம் வேறு. இரண்டையும் ஒரே ஃபில்டரில் கட்ட வேண்டாம்.

ஃபைனான்ஸ்_ரீடர்

நான் டாஷ்போர்டு செய்பவள் இல்லை, பார்ப்பவள். எனக்குத் தேதியில் இதே கதை நடந்தது. ஜனவரி முதல் மார்ச் 31 வரை என்று வைத்துச் சேமித்திருந்தேன். ஏப்ரல் டேட்டா வந்த பிறகும் மார்ச்சோடு நின்றது. இன்னும் டேட்டா ஏறவில்லை என்று நினைத்து அவர்களையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சர்வர்_பொறுப்பாளர்

இதில் நீங்கள் செய்தது சரிதான், கேட்டதைத்தான் அது காட்டியது. செய்பவர்கள் "கடந்த 3 மாதம்" என்ற ரிலேட்டிவ் தேதி ஃபில்டரைக் கொடுத்திருந்தால் நகர்ந்திருக்கும். ஆனால் அது இயல்பாக இன்றைய தேதியிலிருந்து எண்ணும், டேட்டாவின் கடைசித் தேதியிலிருந்து அல்ல. உங்கள் டேட்டா தாமதமாக ஏறினால் கடைசி மாதம் வெறுமையாக இருக்கும். டேட்டாவின் கடைசித் தேதியைத் தலைப்பில் எழுதிவைத்தால் பார்ப்பவர் குழம்ப மாட்டார்.

டெப்போ_கணக்கு

ஏரியா அட்டவணையைச் சேர்த்துச் சோதனை ப்ராஜெக்டில் ஒரு போலி டெப்போவை ஏற்றிப் பார்த்தேன். சேமித்த சேலம் வியூவில் தானாக வந்தது. நன்றி. சரிபார்க்க ஒரு வழியும் வைத்துக்கொண்டேன்: மூல வியூவில் ஏரியா வாரியான மொத்தத்தை எல்லாருக்கும் தெரியும்படி ஒரு மூலையில், டெப்போ ஃபில்டர் படாமல் காட்டுகிறேன். தன் வியூவின் மொத்தத்தோடு அது ஒட்டவில்லை என்றால் மேனேஜருக்கே தெரியும்.

ஆனால் பழைய டெப்போ தேர்வுகள் இன்னும் இருக்கின்றன. சிலர் அதையே தங்களுக்குத் தொடக்க வியூவாக வைத்திருக்கிறார்கள். யாரிடமெல்லாம் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சர்வர்_பொறுப்பாளர்

REST API-யில் கஸ்டம் வியூ பட்டியலை எடுக்கலாம். பைத்தானில் டேப்லோவின் லைப்ரரி வைத்து:

```python
for cv in TSC.Pager(server.custom_views):
    print(cv.name, cv.owner.id, cv.view.id)
```

யாருடையது, எந்த வியூமேல் என்பது தெரியும். அந்தப் பட்டியலை வைத்து ஒவ்வொருவருக்கும் எழுதி, புதிதாகச் சேமித்த பிறகு பழையதை அழிக்கச் சொல்லலாம். நீங்களே அழிப்பதை நான் சொல்ல மாட்டேன், அதில் அவர் வேறு என்ன அமைத்திருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது.

கோவை_ரிப்போர்ட்

ஷீட் பெயர் விஷயம் எனக்குப் புதிது. நாங்கள் பெயரை மாற்றியதே இல்லை, அதனால்தான் எதுவும் போகவில்லை போல. ஒரு சந்தேகம்: இரண்டு ஏரியாவின் டெப்போக்களைக் கலந்து பார்ப்பவர்கள் எங்களிடம் நிறைய. சேலத்தில் இரண்டு, கோவையில் மூன்று என்று. அவர்களுக்கு ஏரியா ஃபில்டர் உதவாதே?

டெப்போ_கணக்கு

எங்களிடமும் அப்படிச் சிலர் இருக்கிறார்கள். இப்போதைக்கு டெப்போ பட்டியலில் புதிது வரும் மாதத்தில் அவர்களுக்கு மட்டும் மெயில் போடுகிறேன். வேறு வழி வைத்திருப்பவர்கள் எழுதுங்கள்.